எல்.டி. பேனல் ரூமுக்கு எஃப்.எம்-200: 84 கிலோ போதுமா? பிரஷர் ரிலீஃப் வேண்டாம் என்கிறார் வெண்டர்

மின்னோட்டம்

வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆட்டோ உதிரிபாக ஆலையில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். எங்கள் எல்.டி. பேனல் ரூமுக்கு எஃப்.எம்-200 தீயணைப்பு வாயு போடச் சொல்லி இன்சூரன்ஸ் ஆய்வில் எழுதிவிட்டார்கள். ரூம் 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம், மேலே ஃபால்ஸ் சீலிங் கிடையாது. பேனல்களின் உயரம் 2.3 மீட்டர். பேனல்களுக்குக் கீழே 8 மீட்டர் நீளத்துக்கு ஒரு கேபிள் டிரெஞ்ச், அகலம் 0.8, ஆழம் 0.75, அது அப்படியே சுவரைத் தாண்டி டிரான்ஸ்ஃபார்மர் யார்டுக்குப் போகிறது. மூன்று பக்கம் செங்கல் சுவர், ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த ஜிப்சம் பார்ட்டிஷன், அந்தப் பக்கம் ஆபரேட்டர் உட்காருவார்.

வெண்டர் காற்றில் வாயுச் செறிவு 7 சதவீதம் என்று எடுத்து 84 கிலோ கொடுத்திருக்கிறார். வாயு திறக்கும்போது ரூம் அழுத்தத்தைச் சமன் செய்கிற பிரஷர் ரிலீஃப் டேம்பர் எங்கே என்று கேட்டால், "உங்க ரூம் ஏற்கெனவே நல்லா லீக் ஆகுது சார், தேவையே இல்லை" என்கிறார். டேம்பருக்குச் சுவர் உடைக்க வேண்டாம் என்று எங்கள் சிவில்காரர்களுக்கும் சந்தோஷம். எனக்குத்தான் மனது ஒப்பவில்லை. 84 கிலோ சரியா, அவர் சொல்வது சரியா?

சரவணா_சேஃப்டி

சார், இதில் பயப்பட ஒன்றுமில்லை. எஃப்.எம்-200 என்பது கார்பன் டை ஆக்சைடு மாதிரி இல்லை, வெறும் 7 சதவீதம்தான் உள்ளே வருகிறது. 150 கன மீட்டர் ரூமில் 10 கன மீட்டர் சேர்ந்தால் என்ன பெரிய பிரஷர் வந்துவிடப் போகிறது? கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியிலேயே போய்விடும். எங்கள் பிளான்ட்டில் நான்கு ரூமில் போட்டிருக்கிறோம், எதிலும் டேம்பர் இல்லை, ஆறு வருஷம் ஆகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை.

வாயுவேலு

சரவணா தம்பி, அந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவையாவது கேஸ் திறந்ததா? திறக்காத சிஸ்டத்தில் பிரஷர் பிரச்சினை எப்படி வரும்.

மின்னோட்டம் சார், முதலில் கிலோ கணக்கை முடித்துவிடுவோம், அது சுலபம். எல்லோரும் போடுகிற ஃபார்முலா இதுதான்:

```
W = (V / S) × C / (100 − C)
S = 0.1269 + 0.0005131 × T
```

W வாயுவின் எடை கிலோவில், V ரூமின் கன அளவு, C வாயுச் செறிவு சதவீதத்தில், T என்பது ரூமில் வரக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை. ஏ.சி. ஓடுகிற ரூம் என்பதால் 20 டிகிரி எடுத்திருப்பார். அப்போது S = 0.1372, அதாவது ஒரு கிலோ வாயு 0.137 கன மீட்டராக விரிகிறது. 7 சதவீதத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 0.549 கிலோ. உங்கள் ரூம் 153.6 கன மீட்டர், பெருக்கினால் 84.3. வெண்டரின் 84 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? டிரெஞ்சை விட்டுவிட்டார். டிரெஞ்ச் 4.8 கன மீட்டர். அதையும் சேர்த்தால் 158.4, வாயு 87 கிலோ. மூன்று கிலோதானே என்று தோன்றும். ஆனால் கேபிள் எரிந்தால் முதலில் எரிவது டிரெஞ்சில்தான், தரைத் தகட்டுக்குக் கீழே ஒரு சின்ன நாசிலும் அவர் காட்டியிருக்க மாட்டார். டிராயிங்கைப் பாருங்கள்.

பிரஷர் விஷயத்தை இரவு எழுதுகிறேன், இப்போது சைட்டில் இருக்கிறேன்.

மின்னோட்டம்

பார்த்தேன் அண்ணே. டிரெஞ்சுக்குள் நாசில் இல்லை. மேலே இரண்டு நாசில் மட்டும்.

நிலா_டிசைன்

வேலு சாரின் கணக்கு சரி, ஆனால் 7 சதவீதத்தை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். அது என்.எஃப்.பி.ஏ. 2001 வழியில் மின் இணைப்பு இருக்கும் கருவிகளுக்கான எண், அதாவது அடிப்படை அணைப்புச் செறிவை 1.35 ஆல் பெருக்கி வருவது. ஐ.எஸ்.ஓ. 14520 வழியில் போனால் சாதாரண திடப் பொருட்களுக்கே 7.9, கேபிள் கட்டுகள் அதிகம் இருக்கிற இடத்துக்கு 8.5. உங்கள் இன்சூரன்ஸ் எந்த ஸ்டாண்டர்டைக் கேட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 7.9 என்றால் அதே 158.4 கன மீட்டருக்கு 99 கிலோ. சிலிண்டர் சைஸ், பைப், நாசில் துளை எல்லாமே மாறும். கடைசி நிமிஷத்தில் "கொஞ்சம் கூட ஊத்திக்கலாம்" என்று யாரும் சொல்லக்கூடாது, 10 வினாடிக்குள் வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பைப் கணக்கு போடப்படுகிறது.

கோவை_பாபு

எதற்கு சார் இவ்வளவு செலவு? பேனலுக்குள்ளேயே சிவப்பு டியூப் ஒன்று ஓட விடுவார்கள், சூட்டில் ஓட்டை விழுந்து அங்கேயே கேஸ் அடிக்கும். ஒரு பேனலுக்கு இரண்டு மூன்று கிலோ போதும். ரூம் முழுக்க நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை.

மின்னோட்டம்

பாபு சார், அதை நாங்கள் இரண்டு கெப்பாசிட்டர் பேனலில் வைத்திருக்கிறோம். இங்கே இன்சூரன்ஸ் கேட்டது ரூம் முழுக்க. டிரெஞ்சில் பிடித்தால் அந்த டியூப் என்ன செய்யும்?

வாயுவேலு

சரி, பிரஷர்.

சரவணா தம்பி சொன்னதில் ஒரு பாதி உண்மை. உள்ளே வருவது கொஞ்சம் வாயுதான். ஆனால் ஒரு ரூமை முழுக்க மூடியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு சதவீதம் கன அளவு கூடினாலோ குறைந்தாலோ எவ்வளவு பிரஷர்? வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல், அதில் ஒரு சதவீதம் 1000 பாஸ்கல். ஜிப்சம் பார்ட்டிஷன் பொதுவாக 250 பாஸ்கலுக்கு மேல் தாங்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். உங்கள் பார்ட்டிஷன் 8 மீட்டர் நீளப் பக்கத்தில் இருந்தால் 25.6 சதுர மீட்டர், 250 பாஸ்கல் என்றால் 6400 நியூட்டன், கிட்டத்தட்ட 650 கிலோ எடை அதன் மேல் சாய்ந்த மாதிரி. கண்ணாடியும் அதில் இருக்கிறது.

இன்னொன்று, பெரும்பாலானவர்கள் யோசிக்காதது. எஃப்.எம்-200 திறந்ததும் முதலில் பிரஷர் ஏறாது, இறங்கும். சிலிண்டரில் அது திரவமாக இருக்கிறது, நாசிலில் வெளியே வந்து ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. 87 கிலோ ஆவியாக 158 கன மீட்டர் காற்றிலிருந்து மட்டுமே சூடு எடுத்தால், காகிதக் கணக்கில் முப்பது டிகிரிக்கு மேல் குளிரும். முப்பது டிகிரி குளிர்ந்தால் காற்று பத்து சதவீதம் சுருங்கும், வாயு சேர்ப்பதோ ஏழெட்டு சதவீதம். ஆக மொத்தத்தில் ரூம் உள்பக்கம் இழுக்கிறது. சுவர், பேனல் எல்லாம் உடனே சூட்டைத் திருப்பித் தர ஆரம்பிப்பதால் நிஜத்தில் அவ்வளவு குளிராது, அப்புறம் ஓரிரு வினாடியில் கதை திரும்பி வெளிப்பக்கம் தள்ளத் தொடங்கும்.

ஒரு இடத்தில் தவறுதலாகத் திறந்துவிட்ட பிறகு போய்ப் பார்த்தேன், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். டேம்பர் இருந்தது, ஆனால் வெளிப்பக்கம் மட்டும் திறக்கிற ஒரு வழி ஃபிளாப். பார்ட்டிஷன் உள்பக்கமாக வளைந்து, ஜாயின்ட் முழுக்க வெடிப்பு. வெடித்து வெளியே விழும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏன் உள்ளே வளைந்தது என்றே புரியவில்லை, ஒரு வாரம் சுவர் கட்டினவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வாயுவுக்கு இரண்டு பக்கமும் திறக்கிற டேம்பர் வேண்டும்.

துபாய்_செல்வம்

இங்கே எங்கள் கேஸ் வேறு மாதிரி. எங்கள் டேட்டா ரூமில் ஐ.ஜி-541 என்ற மந்த வாயுக் கலவை. அது இழுக்காது, தள்ளத்தான் செய்யும், ஆனால் தள்ளுவதோ பேய்த் தள்ளு. 200 பார், பழைய வகை வால்வு, முதல் சில வினாடியில் அருவி மாதிரி வருகிறது. டேம்பர் இருந்தது, ஆனால் அதற்கு வெளியே இருந்த காரிடாருக்கு வழி இல்லை. ரூம் பிரஷர் காரிடாருக்குப் போய், காரிடாரின் ஃபால்ஸ் சீலிங் மொத்தமும் கீழே. நல்லவேளை ராத்திரி, யாரும் இல்லை. அதனால் சார், டேம்பர் சுவரில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அது எங்கே திறக்கிறது என்று பாருங்கள்.

சரவணா_சேஃப்டி

சரி, இழுக்கும் என்பது எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மின்னோட்டம் சாரின் ரூமில் அந்த டிரெஞ்ச் வாய் இருக்கிறதே, 0.8 க்கு 0.75, அது அரை சதுர மீட்டருக்கு மேல். கேபிள் பாதியை அடைத்தாலும் மீதி திறந்துதானே இருக்கும்? காற்று வரவும் போகவும் அதுவே போதுமே. வெண்டர் சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

வாயுவேலு

போதும். பிரஷருக்குப் போதும். அதில் வெண்டர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த வாய் திறந்திருந்தால் வாயு நிற்காது. காற்றின் எடை ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோ, 7 சதவீதக் கலவை ஏறத்தாழ 1.6 கிலோ. கனமானது, தண்ணீர் மாதிரி கீழே வழியும். ரூமிலேயே மிகத் தாழ்ந்த இடத்தில் யார்டுக்கு ஒரு கால்வாய் வெட்டி வைத்திருக்கிறீர்கள். பத்து வினாடியில் நிரப்பிய வாயு அது வழியாக இறங்கிப் போய்விடும், மேலே பேனல் உச்சியில் வெறும் காற்று வந்து நிற்கும். பேனல் உயரமான 2.3 மீட்டரில் 10 நிமிஷம் கழித்தும் டிசைன் செறிவில் 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் கேட்பது. டிரெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு அது நடக்காது.

ஆகவே கதவில் விசிறி வைத்து ரூமின் கசிவை அளக்கிற டோர் ஃபேன் டெஸ்ட்டில் ஃபெயில் ஆகும். ஃபெயில் ஆனதும் அதே வெண்டர் வந்து "டிரெஞ்சை சீல் பண்ணுங்க சார், அது உங்க ஸ்கோப்" என்பார். நீங்களும் பண்ணுவீர்கள். பண்ணிய பிறகு பிரஷருக்கு என்று அவர் கணக்கில் வைத்திருந்த ஓட்டை போய்விடும். டேம்பரைப் பற்றி அப்போது யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது. ஒரே ஓட்டையை இரண்டு தடவை விற்கிறார்கள் சார்.

நிலா_டிசைன்

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மின்னோட்டம் சார், வெண்டரிடம் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்று, 250 பாஸ்கல் வரம்பு வைத்து மொத்தம் எவ்வளவு திறப்பு வேண்டும் என்ற கணக்கு. அதில் ஈரப்பதம் என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள், ஏ.சி. ரூம் வறண்டிருந்தால் இழுப்பு அதிகம், ஏ.சி. நின்று மழைக்காலத்து ஈரம் உள்ளே இருந்தால் நீராவி குளிர்ந்து சூட்டை விடும், அப்போது தள்ளு அதிகம். இரண்டுக்கும் போட்டுப் பார்த்து எது மோசமோ அதை எடுக்க வேண்டும். அடுத்தது, டோர் ஃபேன் அறிக்கையில் வருகிற மொத்தக் கசிவுப் பரப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மின்னோட்டம்

கேட்கிறேன். ஆபரேட்டர் உள்ளே இருக்கும்போது திறந்தால் என்ன ஆகும் என்று மேனேஜ்மென்ட் கேட்கிறது, அதையும் யாராவது சொல்லுங்கள்.

நிலா_டிசைன்

வரம்பு 9 சதவீதம். அதற்குள் இருந்தால் இதயத்துக்கு ஒரு பாதிப்பும் சோதனைகளில் தெரியவில்லை. 9 இலிருந்து 10.5 வரை என்றால் ஐந்து நிமிஷத்துக்குள் வெளியேறியாக வேண்டும். இதைக் கணக்குப் போட வேண்டியது 20 டிகிரியில் இல்லை, ரூம் எவ்வளவு சூடாகுமோ அதில். ஏ.சி. நின்று 40 டிகிரி ஆனால் உங்கள் 87 கிலோ 7.5 சதவீதம் ஆகும், பிரச்சினை இல்லை. 99 கிலோ என்றால் 8.4.

ஆனால் பேனலுக்குள் இருக்கிற பஸ்பார், பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் திடப் பொருள், அங்கே வாயு போகாது. பத்து சதவீத இடம் அப்படிப் போய்விட்டது என்று வைத்தால், அதே 99 கிலோ 40 டிகிரியில் 9.3 ஆகிவிடும். நான் பொதுவாக வாயு அளவுக்கு முழு ரூமையும் எடுப்பேன், ஆள் பாதுகாப்புக்கு மட்டும் அந்த இடத்தைக் கழித்துப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் மோசமான நிலை.

வாயுவேலு

நிலா மேடம், அதனால்தான் நான் 7.9 வேண்டாம் என்கிறேன். ஆள் போய் வருகிற ரூம். 7 வைத்து, பவரை ட்ரிப் பண்ணுங்கள். கூடுதல் வாயு போட்டால் பிரஷரும் கூடும், அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நிலா_டிசைன்

பவர் ட்ரிப் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்தால் சரி. ஆகாவிட்டால்? சூடான கடத்தி மின்சாரத்தோடு அப்படியே இருந்தால், வாயு வடிந்ததும் மறுபடி பற்றும். நான் 7.9 இலேயே நிற்கிறேன்.

துபாய்_செல்வம்

உள்ளே இருக்கிற ஆள் பற்றி இன்னொன்று. தீயில் இந்த வாயு சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். 9 சதவீதக் கணக்கு அதைச் சொல்லாது. சைரன் அடித்ததும் எழுந்து ஓடணும் என்று ஆபரேட்டருக்குச் சொல்லிவையுங்கள், 'பாதுகாப்பான கேஸ்தானே' என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

மின்னோட்டம்

இன்கமரை ட்ரிப் பண்ணினால் ஃபர்னஸ் உறைந்துவிடும் என்று புரொடக்ஷன் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

கோவை_பாபு

இன்னொரு சந்தேகம். எஃப்.எம்-200 நிறுத்தப் போகிறார்கள் என்று சொன்னார்களே, இப்போது போய் இதை வாங்கலாமா? நோவெக் நல்லது என்கிறார்கள்.

வாயுவேலு

நிறுத்தவில்லை, குறைக்கிறார்கள். கிகாலி உடன்பாட்டின்படி இந்தியாவுக்கு 2028 இல் அளவு உறையும், 2032 இலிருந்து படிப்படியாகக் குறையும். ரீஃபில் விலை ஏறும், அவ்வளவுதான் இப்போதைக்கு. நோவெக் தயாரித்த 3எம் நிறுவனமே 2025 முடிவோடு அந்தத் தொழிலை விடுவதாக 2022 இல் அறிவித்தது. அதே வேதிப்பொருளை வேறு ஆட்கள் செய்கிறார்கள், ஆனால் வாயுவை மாற்றினால் சிலிண்டர், நாசில், பிரஷர் கணக்கு எல்லாமே புதுசு. அதுவும் திரவம்தான், அதுவும் முதலில் இழுக்கும்.

மின்னோட்டம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டோர் ஃபேன் டெஸ்ட் இரண்டு தடவை எடுத்தோம்.

டிரெஞ்ச் திறந்திருந்தபோது மொத்தக் கசிவு 2200 சதுர சென்டிமீட்டர். 2.3 மீட்டர் உயரத்துக்கு வாயு நிற்கும் நேரம் நான்கு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. ஃபெயில். வேலு அண்ணன் சொன்ன வசனத்தை வெண்டர் எழுத்து மாறாமல் சொன்னார், "உங்க ஸ்கோப் சார்" உட்பட. யார்டு சுவர் ஓரத்தில் ஃபயர்ஸ்டாப் மார்ட்டர் போட்டு அடைத்தோம், பின்னால் கேபிள் இழுக்க வசதியாக ஒரு மூலையில் மட்டும் எடுத்து வைக்கிற தலையணை மாதிரிப் பைகள். கதவுக்கு அடியில் டிராப் சீல். ஏ.சி. டக்ட் டேம்பர் ஒன்று சரியாக மூடவில்லை, அதையும் மாற்றினோம். இரண்டாவது டெஸ்ட்டில் கசிவு 550, நேரம் 14 நிமிஷம். பாஸ்.

அப்புறம் நிலா மேடம் சொன்ன தாளைக் கேட்டேன். நான்கு மெயில் போட்ட பிறகு வந்தது. 87 கிலோ, 250 பாஸ்கல் வரம்பு: மொத்தத் திறப்பு 1000 சதுர சென்டிமீட்டர் வேண்டுமாம். ஆக, 2200 இருந்தபோது டேம்பர் தேவையில்லைதான். 550 ஆனதும் பாதியைத் தாண்டி ஒரு சொச்சம்தான். அவரே அனுப்பிய தாளில் அவரே மாட்டிக்கொண்டார். இப்போது டேம்பர் போட ஒத்துக்கொண்டு, மீதி 450 க்கு மட்டும் கோட் பண்ணியிருக்கிறார்.

வாயுவேலு

450 வேண்டாம், 1000 க்கே போடுங்கள். அடுத்த வருஷம் யாராவது ஒரு விரிசலைப் பூசினால் அந்த 550 குறையும். டேம்பரின் வெளி அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஃபிளாப் முழுக்கத் திறந்தபோது காற்று போகிற உண்மையான பரப்பு எவ்வளவு என்று டேட்டா ஷீட்டில் இருக்கும், வெளியே லூவரும் பறவை வலையும் வைத்தால் அது இன்னும் குறையும்.

நிலா_டிசைன்

முழுக்க 1000 என்பது கொஞ்சம் அதிகப்படி என்று எனக்குத் தோன்றுகிறது. அளந்த கசிவைக் கணக்கில் எடுக்கலாம், அதற்காகத்தான் அளக்கிறோம். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி அளக்கிற ஒழுக்கம் உங்கள் ஆலையில் உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மின்னோட்டம்

நேர்மையாகச் சொன்னால் கிடையாது மேடம். 1000 க்கே கேட்கிறேன்.

வாயுவேலு

கூரைக்குப் பக்கத்தில் வையுங்கள், கீழே வைத்தால் கனமான கலவைதான் முதலில் வெளியேறும். 50 பாஸ்கலுக்குள் திறக்கத் தொடங்கி, பிரஷர் இறங்கியதும் தானாக மூட வேண்டும், இல்லையென்றால் 14 நிமிஷம் மறுபடி நான்கு ஆகும். கமிஷனிங்கில் ஃபிளாப்பை உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை கையால் தள்ளிப் பாருங்கள். நான் பார்த்ததில் பெயின்ட் அடித்து ஒட்டிப் போனது இரண்டு.

மின்னோட்டம்

கூரைக்குப் பக்கத்தில் வெளிச்சுவர் என்று எனக்கு இருப்பது யார்டு பக்கம் மட்டும்தான் அண்ணே. அதற்கு நேர் வெளியே 11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர். அந்தச் சுவர் இரண்டு மணி நேரத் தீத்தடுப்புச் சுவர், அதில் ஓட்டை போட்டால் டேம்பரும் அதே ரேட்டிங்கில் வேண்டும் என்கிறார் எங்கள் ஆர்க்கிடெக்ட். இரண்டு பக்கமும் திறக்கிற, இரண்டு மணி நேர ரேட்டிங் உள்ள டேம்பர் சென்னையில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? மாற்று வழியாக ஆபரேட்டர் ரூம் பக்கம் விட்டு அங்கிருந்து ஜன்னலுக்கு டக்ட் போடலாமா என்று யோசிக்கிறேன்.

துபாய்_செல்வம்

ஆபரேட்டர் ரூமா? என் காரிடார் கதையைப் படித்தீர்களா இல்லையா சார்?

மின்னோட்டம்

படித்தேன் சார், அதனால்தான் டக்ட் என்றேன். நடுவில் எங்கும் திறக்காமல் நேராக வெளியே போகிற மாதிரி. ஆனால் ஏழு மீட்டர் டக்ட்டில் போகிற அழுத்த இழப்பு அந்த 250 க்குள் வர வேண்டும். அதைப் போட்டுப் பார்க்க டக்ட் சைஸ் கேட்டு ஏ.சி.காரருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

வாயுவேலு

டக்ட் இழுப்பையும் தாங்க வேண்டும், மெல்லிய ஜி.ஐ. தகடு உள்பக்கம் சப்பிவிடும். பதில் வந்ததும் இங்கே போடுங்கள்.